பட்டம் ஏற்றும் விளையாட்டு: ஐந்து மாணவர், ஓர் அரையாண்டு, விரிந்துகொண்டே போன வேலை

பின்னணி

யாழ்ப்பாணத்தில் கணினித் துறையில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள், 15 வாரங்கள் கொண்ட ஓர் அரையாண்டுக்குள் ஒரு கணினி விளையாட்டைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மென்பொருள் வேலை செய்யும் எனக்கு, அந்த அணிக்கு வெளி வழிகாட்டியாக இருக்கும்படி கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை பின்னேரங்களில் அவர்களோடு இருந்தேன். அணியில் இருவர் கிளிநொச்சி, வவுனியா பக்கத்தவர்கள். வெள்ளி மத்தியானமே பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கக்கூடிய நாள் வியாழன்தான்.

அவர்கள் தெரிந்தெடுத்த கருப்பொருள் நல்லது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் பட்டம் ஏற்றுவதை விளையாட்டாக்குவது. பக்கவாட்டில் பார்க்கும் இருபரிமாணக் காட்சி. ஆடுபவர் நூலை இழுக்கலாம், விடலாம். காற்று குமுறும்போது இழுத்துப் பிடித்தால் நூல் அறும். அளவுக்கு மிஞ்சி விட்டால் பட்டம் சரிந்து விழும். குறிப்பிட்ட உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தினால் வெற்றி. விளையாட்டு முழுவதும் இந்த ஒரே செயலில் நிற்கிறது, அது கைக்குப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்.

கருவி, விளையாட்டுகளைக் கட்டும் மென்பொருளான கொடோ 4. இலவசமானது, பழைய மடிக்கணினியிலும் ஓடும், கோப்புகள் எழுத்துவடிவில் இருப்பதால், ஒவ்வொருவரின் மாற்றங்களையும் பதிவு செய்து ஒன்றுசேர்க்கும் கிட்டில் வைக்கலாம். இதில் விவாதம் ஏதும் நடக்கவில்லை.

பங்குகளை முதல் கூட்டத்திலேயே பிரித்திருந்தார்கள்: பிரதான நிரலர், இரண்டாம் நிரலர், ஓவியர், விளையாட்டு வடிவமைப்பாளர், ஒலியும் சோதனையும் பார்ப்பவர். நிரலெழுதுவதில் கெட்டிக்காரர் என்பதால் பிரதான நிரலரே அணித்தலைவருமானார். கீழேயும் அவர்களை இந்தப் பங்குகளின் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் நான்கு வாரங்கள்

நான்காம் வாரம் முடிவில் அவர்கள் காட்டியவை: கதை சொல்லும் தொடக்கக் காட்சிக்கு நான்கு ஓவியங்கள், கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், பெட்டிப் பட்டம் முதலான ஆறு வகைப் பட்டங்களின் வரைவுகள், மூங்கில் சீவிப் பட்டம் கட்டும் "பட்டறை"த் திரையின் பாதி, வாங்கும் பொருட்களுக்கான பட்டியல், கடல் அலையின் ஒலிப்பதிவு. பட்டம் ஏறியது, ஆனால் நூல் இறுகும் போதெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. இரண்டு நிமிடம் என்ன, பத்து விநாடி கூட ஒழுங்காக ஆட முடியவில்லை.

நடுக்கத்துக்குக் காரணம் எளிது. நூலை ஒரு சுருள்வில் இணைப்பாக (`DampedSpringJoint2D`) அமைத்திருந்தார்கள். சுருள்வில் நீளும், பிறகு திருப்பி இழுக்கும், காற்று வேகமாகும் போது அந்த இழுப்பு பெருகிக்கொண்டே போகும். நூல் அப்படியல்ல. தளர்ந்திருக்கும்போது அது எதுவும் செய்வதில்லை, நீளம் முடிந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். சுருள்வில்லை எடுத்துவிட்டு, கைக்கும் பட்டத்துக்கும் உள்ள தூரம் நூலின் நீளத்தை மிஞ்சினால் பட்டத்தை அந்த எல்லைக்குத் திரும்பக் கொண்டுவந்து, வெளிநோக்கிய வேகத்தை மட்டும் நீக்கினால் போதும். இரண்டாம் நிரலர் அதை ஒரே பின்னேரத்தில் செய்து முடித்தார்.

நான்கு வாரமாக ஏன் யாரும் அதைச் செய்யவில்லை என்பதே கவனிக்க வேண்டிய கேள்வி. நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது பிரதான நிரலரின் பெயரில் இருந்த வேலை. அவர் பட்டறைத் திரையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பலகை காட்டியது

அவர்களிடம் ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக வைக்கும் ட்ரெல்லோ பலகை ஒன்று இணையத்தில் இருந்தது. "செய்ய வேண்டியது", "நடக்கிறது", "முடிந்தது" என்று மூன்று நிரல்கள். முடிந்ததில் இருபதுக்கு மேல் அட்டைகள் கிடந்ததால், பார்ப்பவருக்கு வேலை நன்றாக நகர்வது போலத் தெரியும். நான் "நடக்கிறது" நிரலை மட்டும் பார்க்கச் சொன்னேன். அதில் 14 அட்டைகள். ஒன்பது பிரதான நிரலரின் பெயரில். அவற்றில் மூன்று, இரண்டாம் வாரத்திலிருந்தே அங்கே இருந்தன.

அப்படி நெடுநாள் கிடந்த ஓர் அட்டையைத் திறந்து எல்லோருமாக வாசித்தோம். தலைப்பு "பட்டம் ஏற்றும் திரை". அதன் கீழே வந்த குறிப்புகள் வரிசையாக: வால் காற்றில் அசைய வேணும். வாலின் நீளத்தை ஆடுபவர் மாற்றினால் நல்லம். வால் நீளம் பட்டத்தின் சமநிலையைப் பாதிக்க வேணும். முச்சை கட்டுற இடத்தையும் மாற்றலாமே. விண் பூட்டினால் சத்தம் கேட்க வேணும். முச்சை என்பது நூலைப் பட்டத்தோடு பிணைக்கும் கட்டு, விண் என்பது பட்டத்தில் பூட்டினால் காற்றில் கூவும் நார். இந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் நால்வர். ஒவ்வொரு வரியும் பட்டம் தெரிந்தவர் சொல்லும் நல்ல யோசனை. எந்த வரியும் கூட்டத்தில் பேசி எடுத்த முடிவல்ல. அட்டை தொடங்கியபோது இருந்த வேலையும், நான்காம் வாரத்தில் அதில் எழுதியிருந்த வேலையும் வெவ்வேறு.

ஸ்கோப் கிரீப் என்று துறையில் சொல்லும் இந்த விரிதல், பெரிய முடிவாக வாசலால் வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இந்த அணிக்குள் அது வந்தது ஏற்கனவே ஒத்துக்கொண்ட அட்டைகளின் குறிப்புகளால். புதிய அட்டை போட்டிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். பழைய அட்டையில் ஒரு வரி சேர்ந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அட்டை மூடப்படாமல் வயதாகிக்கொண்டு போவதே அதற்கான அடையாளம்.

இதோடு இன்னொன்றும் இருந்தது. எல்லோரும் `main.tscn` என்ற ஒரே காட்சிக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஓவியர் ஒரு படத்தை நகர்த்தினாலும் இரண்டாம் நிரலரின் மாற்றத்தோடு மோதும். மோதலைத் தீர்க்கத் தெரிந்தவர் பிரதான நிரலர் ஒருவரே. ஆகவே எல்லா வழியும் அவரிடம் போய் முடிந்தது.

ஐந்தாம் வாரத்தில் எடுத்த முடிவுகள்

முதலில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று எண்ணினோம். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் தர ஒத்துக்கொண்டிருந்தார்கள், ஐந்து பேருக்கு 30. பதின்மூன்றாம் வாரத்தோடு புதிய வேலை எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்தால் மிஞ்சுவது எட்டு வாரம். ஆறாம் வாரம் இடைப்பரீட்சை, அதில் யாரும் வேலை செய்யப் போவதில்லை. ஏழு வாரம், 210 மணி. அதில் மூன்றில் ஒன்றை இணைப்புக்கும் சோதனைக்கும் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கச் சொன்னேன். மாணவர் அணிகள் இந்தப் பங்கை ஒதுக்குவதே இல்லை, ஆனால் அது எப்படியும் செலவாகும். புதிதாகச் செய்ய மிஞ்சியது 140 மணி. பலகையில் இருந்த எல்லா அட்டைகளுக்கும் அவர்களே போட்ட மதிப்பைக் கூட்டினால் 380 வந்தது.

அந்த இரண்டு எண்களையும் வெள்ளைப் பலகையில் எழுதிய பிறகு வாக்குவாதம் தணிந்தது. எதை வெட்டுவது என்ற பேச்சு யாருடைய யோசனை நல்லது என்ற பேச்சாக மாறாமல் போனது அதனால்தான்.

அடுத்தது பங்குகள். பிரதான நிரலரை அணித்தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்து, ஒலியும் சோதனையும் பார்ப்பவரிடம் இணைப்பாளர் பொறுப்பைக் கொடுத்தோம். பிரதான நிரலருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "நான் ஒழுங்கா நடத்தேல்லை எண்டு நினைக்கிறீங்களோ அண்ணா?" என்று கேட்டார். காரணம் திறமை அல்ல. விளையாட்டைக் கட்டுபவர், தான் கட்டுவது இன்னும் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று எப்போதும் நம்புவார், நம்பாவிட்டால் கட்ட முடியாது. வாரம்தோறும் விளையாட்டை ஆடிப் பார்ப்பவருக்குத்தான் அது உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். இணைப்பாளர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். தலைவர் பொறுப்பு கெட்டிக்காரருக்குக் கிடைக்கும் மரியாதை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வேலையில் பார்த்தால் அது மற்றவர்களின் வழியைத் திறந்து வைப்பதுதான், பகலெல்லாம் நிரலில் மூழ்கியிருப்பவருக்கு அதற்கு நேரம் வராது.

அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் முடிவு. இந்த வாரப் பதிப்பில் எது சேரும், எது சேராது என்பது இணைப்பாளரின் முடிவு. யோசனை யாரும் சொல்லலாம், ஆனால் அட்டையின் கீழே எழுதக் கூடாது. தனியே ஒரு யோசனைப் பட்டியலில் எழுத வேண்டும்.

மற்றைய பங்குகளை வேலைப்பெயர்களாக வைக்காமல் கோப்புகளாக எழுதினார்கள். `main.tscn` சிறு காட்சிகளாக உடைந்தது: `kite.tscn` இரண்டாம் நிரலருக்கு, `wind.tscn` பிரதான நிரலருக்கு, `beach.tscn` ஓவியருக்கு, திரையின் அளவுமானிகள் உள்ள `hud.tscn` வடிவமைப்பாளருக்கு. எஞ்சிய `main.tscn` பிரதான நிரலரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையாளும் உண்டு, உரியவர் இல்லாத நாளில் அதைத் திறந்து பார்க்கக்கூடியவர். "இது யாற்றை வேலை?" என்ற கேள்விக்குக் கோப்பின் பெயரே பதில் சொன்னது.

வடிவமைப்பாளருக்கும் நிரலருக்கும் இடையே இருந்த தேக்கத்தையும் இதோடு தீர்த்தார்கள். பட்டத்தின் நிறையோ தூக்குவிசையோ மாற வேண்டும் என்றால் வடிவமைப்பாளர் நிரலரைக் கேட்டுக் காத்திருந்தார். அந்த எண்களை நிரலிலிருந்து பிரித்துத் தனித் தரவாக்கினார்கள்:

```gdscript
class_name KiteData
extends Resource

@export var mass: float = 0.2
@export var lift: float = 1.0
@export var drag: float = 0.5
@export var break_tension: float = 60.0
```

இதன் பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு `.tres` கோப்பு. வடிவமைப்பாளர் அதை எடிட்டரில் திறந்து எண்ணை மாற்றுவார், ஆடிப் பார்ப்பார், மறுபடி மாற்றுவார். யாரையும் கேட்கத் தேவையில்லை.

கடைசியாக, "முடிந்தது" என்பதற்கு ஒரு பொருள் வைத்தார்கள். கொடோ இல்லாமலே தனியாக ஓடும்படி ஏற்றுமதி செய்த பதிப்பு, செய்தவரின் மடிக்கணினியில் அல்ல, இன்னொருவரின் மடிக்கணினியில் ஓட வேண்டும். ஆடிப் பார்த்த அந்த இன்னொருவர்தான் அட்டையை நகர்த்த வேண்டும். "நடக்கிறது" நிரலில் ஒருவர் பெயரில் இரண்டு அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது.

வெட்டியவை

பட்டறைத் திரை போனது, பொருள் வாங்கும் பட்டியலும் அதோடு போனது. நான்கு காற்றுகள் என்று ஒரு திட்டம் இருந்தது: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான், ஒவ்வொன்றும் ஒரு கட்டம். கேட்க அழகாக இருந்தது. ஆனால் பக்கவாட்டுக் காட்சியில் காற்று இடமிருந்தோ வலமிருந்தோதான் வீச முடியும். கொண்டலும் கச்சானும் ஒன்றன் கண்ணாடிப் பிம்பம் மற்றது. வாடையும் சோளகமும் திரைக்கு உள்ளேயும் வெளியேயும் வீச வேண்டும், அதைக் காட்ட வழியே இல்லை. வடிவமைப்பாளரே இதை வரைந்து பார்த்துக் கைவிட்டார். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் வீசும் ஒரே காற்றை மூன்று பலத்தில் வைத்தார்கள்: மெல்லியது, நிதானமானது, குமுறுவது. காற்றின் அடிப்படை வேகத்தோடு `FastNoiseLite` தரும் ஏற்றவிறக்கத்தைச் சேர்த்து, அந்த ஏற்றவிறக்கத்தின் அளவையும் விரைவையும் மாற்றினால் மூன்றும் கிடைத்துவிடும். ஒரு கட்டத்துக்கு இரண்டு எண்கள்.

கதை சொல்லும் தொடக்கக் காட்சியை வெட்டியது கடினமாக இருந்தது. ஓவியர் அந்த நான்கு படங்களுக்கும் மனம் கொடுத்திருந்தார். மிஞ்சிய ஐந்து படங்களும் எழுத்தும் மாற்றங்களும் சேர்ந்து 24 மணி கேட்டன. வரைந்ததில் ஒன்று முகப்புப் படமானது, மற்ற மூன்றும் போயின. அவர் வரைந்தது வீணாகப் போகிறது என்பதற்காக இன்னும் 24 மணி கொடுக்க அணி சம்மதிக்கவில்லை. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன், ஆனால் ஓவியர் அடுத்த வாரம் முழுக்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு பட்டத்தின் விலை

கதைக்காட்சி போனதும் வடிவமைப்பாளர் கேட்டார்: அந்த 24 மணியில் இரண்டாவது பட்டம் ஒன்றைச் சேர்க்கலாமா? கொக்குப் பட்டம் ஏற்கனவே இருந்தது. பெட்டிப் பட்டம் வேறு விதமாகப் பறக்கும், ஆட்டத்தின் உணர்வே மாறும். அவருடைய மதிப்பு "ஒரு பின்னேரம்". படம் வரைந்து, ஒரு `.tres` கோப்பு போட்டால் முடிந்தது.

இதற்கு இணைப்பாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார், இந்த அணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட மிகப் பயனுள்ள பாடம் அது. ஒரு தாளில் ஐந்து நிரல்கள், ஒவ்வொரு பங்குக்கும் ஒன்று. யோசனை சொன்னவர் எந்த நிரலையும் நிரப்பக் கூடாது, தன்னுடையதைத் தவிர. மற்ற நான்கையும் அந்தந்தப் பங்காளரே நிரப்ப வேண்டும்.

ஓவியர்: உடல், வால், சரியும் நிலை, அறுந்து போகும் நிலை, ஐந்து மணி. இரண்டாம் நிரலர்: பெட்டிப் பட்டத்துக்கு முச்சை கட்டும் புள்ளி வேறு, அதற்கு இரண்டு. வடிவமைப்பாளர்: மூன்று காற்றுகளிலும் எண்களைச் சரிபார்க்க ஆறு, வெற்றி உயரத்தை இரண்டு பட்டங்களுக்கும் நியாயமாக மறுபடி வைக்க நான்கு. ஒலி: விண் கூவும் ஓசை இதற்கு வேறு, மூன்று. சோதனைக்கு மூன்று. வரப்போகும் பிழைகளுக்குப் பிரதான நிரலர் மூன்று. கூட்டினால் 26 மணி. ஒரு பின்னேரம் என்று வந்தது, அணி முழுவதின் ஒரு வாரத்தைக் கிட்டத்தட்ட விழுங்குகிறது.

வடிவமைப்பாளர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தன் பங்கின் ஒரு பகுதி மட்டும் தெரிந்தது. மாணவர் அணியில் வேலை விரிவதற்கு இதுவே பெரிய காரணம்: ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த செலவை மட்டும் கணக்கிடுகிறார்கள், மற்ற நான்கு பேரின் செலவும் இலவசமாகத் தெரிகிறது.

இரண்டாம் பட்டத்தைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். 24 மணி கதைக்காட்சியால் கிடைத்தது, குறைந்த இரண்டு மணிக்கு முகப்புத் திரையின் அசையும் அலைகளை விட்டார்கள். அதன் பிறகு ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு வெளியே போக வேண்டும் என்பது அணியின் விதியானது. இங்கே முக்கியமானது பட்டம் சேர்ந்ததோ சேராததோ அல்ல. விலை தெரிந்து, எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினார்கள்.

எட்டாம் வாரம்: விரிவுரையாளரின் ஒரு வார்த்தை

இடை மதிப்பீட்டில் ஓடக்கூடிய பதிப்பைக் காட்டினார்கள். விரிவுரையாளருக்குப் பிடித்திருந்தது. போகும்போது, "ரெண்டு பேர் ஒரே நேரத்தில ஏத்தி, மற்றவற்றை நூலை அறுக்கிற மாதிரி இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார்.

அன்றிரவே பலகையில் "இருவர் ஆட்டம்" என்று அட்டை வந்தது. பிரதான நிரலர் அந்த வார இறுதியில், மற்றவர்களின் பதிப்பைத் தொடாமல் கிட்டில் தனிக் கிளை ஒன்றில் அதைத் தொடங்கி, திங்கட்கிழமை ஒரே விசைப்பலகையில் இரண்டு பட்டங்கள் பறப்பதைக் காட்டினார். அது உண்மையில் நன்றாகவே பறந்தது.

சேர் சொன்னால் செய்துவிட வேண்டும் என்பது எங்களிடம் ஆழமாக இருக்கும் பழக்கம். யோசனைக்கும் கட்டளைக்கும் இடையே யாரும் திருப்பிக் கேட்பதில்லை, கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. இணைப்பாளர் கேட்டார். விரிவுரையாளரின் அறைக்குப் போய், "சேர், நீங்கள் சொன்ன இருவர் ஆட்டம் கட்டாயம் செய்ய வேணுமோ? புள்ளித்திட்டத்தில அது இருக்கோ?" என்றார். "இல்லைப் பிள்ளை, அது ஒரு யோசனை. இருக்கிறதை ஒழுங்காச் செய்து முடியுங்கோ" என்று பதில் வந்தது. அந்த உரையாடலுக்குச் சில நிமிடங்கள்தான் போயிருக்கும்.

பிரதான நிரலரின் கிளை மிஞ்சியது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று இணைப்பாளர் நேரே சொல்லவில்லை. ஐந்து நிரல் தாளை அவரிடம் கொடுத்து, மற்றவர்களைக் கேட்டு நிரப்பி வரச் சொன்னார். மறுதொடக்கம், வெற்றிக் கணக்கு, திரையின் அளவுமானிகள் எல்லாம் ஒரே பட்டம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நூல்கள் ஒன்றையொன்று வெட்டுவதற்கு இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பதோடு, எந்த நூல் அறும் என்பதற்கும் விதி வேண்டும். இரண்டு பட்டங்கள் விலகிப் போகும்போது கமரா என்ன செய்யும்? தாள் நிரம்பியபோது 40 மணிக்கு மேல் நின்றது. வியாழக்கிழமை அவரே, "இப்ப வேண்டாம், கிளை அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொன்னார்.

ஒரு வார இறுதியில் தெரிவது ஓர் அம்சத்தின் எளிய பாதி மட்டும்தான். மற்றப் பாதி, ஏற்கனவே உள்ள ஒவ்வொன்றோடும் அது உரசும் இடங்களில் இருக்கிறது. அதைத் தன் கையால் எழுதியவருக்கு வெளியிலிருந்து யாரும் மறுப்புச் சொல்லத் தேவைப்படவில்லை.

அதே வாரத்தில் பழைய மாணவர் ஒருவர் கைப்பேசிப் பதிப்பும் வேண்டும் என்றார். யோசனைப் பட்டியலில் எழுதினார்கள், அதோடு விட்டார்கள்.

ஓவியருக்கு டெங்கு

மழைக்காலத்தின் பின்பாதியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது வழக்கம். பத்தாம் வாரம் ஓவியர் காய்ச்சலோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் களைப்பு விடவில்லை.

துணையாள் என்ற ஏற்பாடு இங்கே உதவியது. வடிவமைப்பாளருக்கு ஓவியம் வராது, ஆனால் மூலப் படங்கள் எந்தக் கோப்புறையில், எந்த அளவில், எந்தப் பெயரில் இருக்கின்றன என்று தெரியும். பெட்டிப் பட்டத்துக்குத் தட்டையான நிறச் செவ்வகம் ஒன்றைச் சரியான அளவிலும் பெயரிலும் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஓவியர் திரும்பி வந்து அதே பெயரில் படத்தை மாற்றினார், வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. சரியும் நிலைக்கான படம் கடைசிவரை வரவில்லை. பட்டத்தைச் சாய்த்துக் காட்டி முடித்தார்கள்.

அந்த இரண்டு வாரங்களில் ஓவியரின் நேரத்தில் 12 மணி குறைந்தது. இணைப்பாளர் அதை மற்றவர்களிடம் பகிரவில்லை, அறுந்த பட்டம் தென்னையில் சிக்கும் காட்சியை வெட்டினார். ஒருவர் விழுந்தால் நால்வர் கூடுதலாக உழைப்பது என்று முடிவெடுத்திருந்தால், பரீட்சை நெருங்கும் நேரத்தில் இன்னொருவரும் விழுந்திருப்பார்.

இறுதி வாரங்களும் விளைவும்

பதின்மூன்றாம் வாரத்தோடு புதியவை நின்றன. பதினான்காம் வாரம், அயலிலுள்ள பாடசாலைப் பிள்ளைகள் ஐந்து பேரை ஆட வைத்தார்கள். அணியினர் வாய் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசியிருந்தோம். நான்கு பேர் காற்று குமுறியபோது நூலை விடாமல் இழுத்தார்கள், நூல் அறுந்தது, மறுபடியும் அதையே செய்தார்கள். இறுக்கத்தைக் காட்டும் அளவுமானி திரையின் மூலையில் இருந்தது, அவர்கள் கண் முழுவதும் பட்டத்தில் இருந்தது.

புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்ற விதியை அணி அந்த ஒரு தடவை தளர்த்தியது. இறுக்கம் கூடக்கூட நூலே சிவப்பாக மாறும்படி செய்தார்கள், விண்ணின் ஓசையின் சுருதியையும் `pitch_scale` மூலம் இறுக்கத்தோடு உயர்த்தினார்கள். சில வரி வேலை. ஆட்டத்தின் மையச் செயல் புரியவில்லை என்பது பிழை, புதிய அம்சம் அல்ல என்று இணைப்பாளர் விளக்கினார். மறுநாள் வேறு பிள்ளைகள் ஆடியபோது இரண்டாம் மூன்றாம் முயற்சியிலேயே நூலை விடத் தொடங்கினார்கள்.

காட்சிநாளில் ஓடியது: ஒரு கடற்கரை, மூன்று காற்றுகள், இரண்டு பட்டங்கள். நின்றுபோகாமல் ஓடியது. முகப்புத் திரையில் அசையாத ஒரு படம் மட்டும் இருந்தது, அமைப்புத் திரை இல்லை, பெட்டிப் பட்டம் குமுறும் காற்றில் இன்னும் கொஞ்சம் எளிதாகவே இருந்தது.

ஒரு விளைவு நியாயமாக அமையவில்லை. தனிநபர் புள்ளிக்கு ஒவ்வொருவரின் கிட் பதிவுகளையும் பார்த்தார்கள். இணைப்பாளரின் பெயரில் பதிவுகள் மிகக் குறைவு. விளையாட்டு ஓடியதற்கு மிகப் பெரிய காரணமானவர் கடைசி இடத்தில் நின்றார். மற்ற நால்வரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகு அது ஓரளவு திருத்தப்பட்டது.

அடுத்த அணிக்கு மாற்றுபவை

பங்குகளை முதல் கூட்டத்தில் பிரிக்கச் சொல்லமாட்டேன். முதல் இரண்டு வாரம் ஐந்து பேரும் ஒரே ஒரு வேலையில் இருக்க வேண்டும்: சதுரமும் கோடும் மட்டும் வைத்து, ஓவியமும் ஒலியும் இல்லாமல், மையச் செயலை ஆடக்கூடியதாக்குவது. நூலின் நடுக்கம் இரண்டாம் வாரத்திலேயே ஐந்து பேருக்கும் பிரச்சினையாகியிருக்கும். அது தீரும் வரை ஆறு வகைப் பட்டங்களை வரைய யாருக்கும் நேரம் இருந்திருக்காது. யார் எதில் கெட்டிக்காரர் என்பதும் அந்த இரண்டு வாரத்தில் தானாகத் தெரியும்.

ஐந்து நிரல் தாளை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். ஆனால் சின்ன மாற்றங்களுக்கெல்லாம் அதைக் கேட்டால் அது வெறும் படிவமாகிவிடும். ஒருவரின் கோப்புக்குள் மட்டும் முடியும் வேலைக்குத் தாள் வேண்டாம். இரண்டு பேரின் கோப்பைத் தொட்டால் வேண்டும்.

யோசனைப் பட்டியலை எப்போது திறந்து பார்ப்பது என்று இந்த அணி நாள் வைக்கவில்லை. அதனால் ஓவியரின் இரண்டு நல்ல யோசனைகளை யாரும் வாசிக்கவே இல்லை என்று கடைசியில் தெரிந்தது. அரையாண்டில் மூன்று தடவை, ஏறத்தாழ நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில், பட்டியலை முழுவதுமாக வாசித்து ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுத வேண்டும். பட்டியலில் போட்டது கிடப்பிலேயே போகும் என்று ஒருவர் நினைத்துவிட்டால், அடுத்த யோசனையை மறுபடியும் அட்டையின் கீழேதான் எழுதுவார்.

இணைப்பாளரின் வேலைக்குப் பதிவு இருக்க வேண்டும். வாரம்தோறும் எந்தப் பதிப்பு, யாருடைய கணினியில் சோதிக்கப்பட்டது, எது சேர்ந்தது, எது வெட்டப்பட்டது, ஏன் என்று அரைப்பக்கம் எழுதி, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் ஒரு கோப்பாக வைத்தால் அதுவும் கிட் பதிவாகும். அடுத்த அரையாண்டின் அணியிடம் முதல் வியாழக்கிழமையே அந்தக் கோப்பைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.